பப்பாளி விதை: உண்தன்மையும் கார்ப்பும்

பப்பாளி விதை என்பது பப்பாளிப் பழத்தின் நடுக்குழியில், உட்சுவரை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காணப்படும் கரிய விதையாகும். ஒரு பழத்தில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். மிளகின் அளவுடைய ஒவ்வொரு விதையையும் வழுவழுப்பான, ஒளி புகும் கூழ்ப்பை ஒன்று சூழ்ந்திருக்கும். அதன் உள்ளே சுருக்கங்கள் நிறைந்த கடினமான கருந்தோலும், அதற்கும் உள்ளே எண்ணெய்ச் சத்து மிக்க வெண்ணிறப் பருப்பும் உள்ளன. பழம் உண்போர் இவ்விதைகளைப் பெரும்பாலும் கரண்டியால் வழித்து எறிந்துவிடுகின்றனர். ஆயினும் இவை நஞ்சு அல்ல. சிறிதளவில் நறுமணப் பொருளாக உண்ணத்தக்கவை. மென்றால் கடுகையும் முள்ளங்கியையும் நினைவூட்டும் கார்ப்பும் மூக்கில் ஏறும் நெடியும் உண்டாகின்றன. இந்த ஒப்புமை தற்செயலானதன்று. கடுகில் கார்ப்பை உண்டாக்கும் அதே வேதிப்பொறிதான் பப்பாளி விதையிலும் உள்ளது. விதையை எவ்வளவு உண்ணலாம், எப்போது உண்ணக்கூடாது என்பனவும் இந்தக் கார்ப்பையே சார்ந்துள்ளன.

## மெல்லும்போது மட்டும் தோன்றும் கார்ப்பு

பழுத்த பப்பாளியிலிருந்து ஒரு விதையை எடுத்து மெல்லாமல் வாயில் வைத்திருந்தால் கார்ப்பு ஏதும் தெரிவதில்லை. கூழ்ப்பையின் வழுவழுப்பை மட்டுமே நாக்கு உணர்கிறது. அதே விதையைப் பல்லால் கடித்தால் முதலில் இலேசான கசப்புத் தெரியும். சில நொடிகள் கழித்தே கார்ப்பு எழுந்து மூக்கின் பின்புறம் வரை செல்லும். அந்தச் சில நொடித் தாமதம் கவனிக்கத்தக்கது. மிளகிலும் மிளகாயிலும் கார்ப்புப் பொருள் முன்னரே ஆயத்தமாக உள்ளது. கடிப்பதால் அது வெளிப்படுகிறது, அவ்வளவே. பப்பாளி விதையிலோ கார்ப்புப் பொருள் கடிப்பதற்கு முன் ஏறத்தாழ இல்லை எனலாம். அது வாயிலேயே புதிதாக உருவாகிறது.

இதனை வீட்டிலேயே ஆய்ந்து பார்க்கலாம். ஒரே பழத்தின் விதைகளை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைப் பச்சையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொரு பங்கை உடைக்காமல், முழு விதைகளாகவே கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து ஆறவிட வேண்டும். பின்னர் இரண்டிலும் ஒவ்வொன்றாக மென்று பார்த்தால், பச்சை விதை வழக்கம்போல் கார்க்கும். வெந்த விதையில் கசப்பு எஞ்சியிருக்கும், கார்ப்பு பெரும்பாலும் மறைந்திருக்கும். வெந்த விதையும் கார்த்தால், வெப்பம் பருப்புவரை சென்று சேரவில்லை என்று பொருள்.

## பிரித்து வைக்கப்பட்ட இரு பொருட்கள்

விதையின் பருப்பில் பென்சைல் குளுக்கோசினோலேட்டு என்னும் சேர்மம் நிறைந்துள்ளது. இதற்குக் குளுக்கோதிரோப்பியோலின் என்ற பெயரும் உண்டு. திரோப்பியோலம் என்னும் பூச்செடிப் பேரினத்தின் பெயரிலிருந்து அப்பெயர் வந்தது. அச்செடியின் இலையும் இதே சேர்மத்தால் கார்ப்பது. இது குளுக்கோசு என்னும் சர்க்கரையும் கந்தகமும் இணைந்த மூலக்கூறு. நீரில் கரையும், ஆவியாகாது, கார்ப்பும் அற்றது.

இரண்டாவது பொருள் மைரோசினேசு என்னும் நொதி. இது மேற்கண்ட சேர்மத்திலிருந்து சர்க்கரைப் பகுதியை வெட்டி நீக்குகிறது. சர்க்கரை நீங்கியபின் எஞ்சும் துண்டு நிலையற்றது. அது தானாகவே உருமாறி, சல்பேட்டையும் இழந்து, பென்சைல் ஐசோதயோசயனேட்டாக மாறுகிறது. இதன் வாய்பாடு C6H5CH2NCS. நாம் உணரும் கார்ப்பும் நெடியும் இதனுடையவையே.

இவ்விரண்டும் ஒரே விதையில் இருந்தும் ஏன் தாமாகவே வினைபுரிந்து தீர்ந்துவிடுவதில்லை என்னும் வினா எழும். அவை வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருப்பதே காரணம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. எஸ். தாங் 1973 இல் வெளியிட்ட ஆய்வு, பப்பாளி விதையில் இவற்றின் இருப்பிடங்களைப் பிரித்துக் காட்டியது. சேர்மம் வெண்பருப்பிலும், நொதி வெளிப்புறக் கூழ்ப்பையிலும் மிகுந்திருந்தன. இடையில் கருந்தோல் தடுப்புச்சுவராக நிற்கிறது. பல் அந்தச் சுவரை உடைக்கும்போது இரண்டும் உமிழ்நீரில் கலக்கின்றன, வினை தொடங்குகிறது. இரு பொட்டலங்களாக வைத்திருந்து பயன்படுத்தும்போது மட்டும் கலக்கும் ஒட்டுப்பசையை இதற்கு ஒப்பிடலாம்.

நொதிகள் புரதங்கள் ஆதலால் மைரோசினேசு கொதிநீரின் வெப்பத்தில் செயலிழக்கிறது. வெந்த விதை கார்க்காமைக்கு இதுவே விளக்கம். தமிழ்ச் சமையலில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு அன்றாடம் காணப்படுகிறது. சூடான எண்ணெயில் போட்டுத் தாளித்த கடுகு பொரிந்து மணக்கும், ஆனால் மூக்கில் ஏறாது. அதே கடுகைப் பச்சையாக அரைத்துப் பச்சடியிலோ ஊறுகாயிலோ சேர்த்தால் நெடி கண்ணில் நீர் வரவழைக்கும். முதலாவதில் நொதி கார்ப்பை உண்டாக்குமுன் அழிந்துவிட்டது. இரண்டாவதில் அரைக்கும்போதே நீரின் உதவியுடன் தன் வேலையை முடித்துவிட்டது.

இதனால் சமைக்கும் வரிசை முக்கியமாகிறது. முழு விதையை வறுத்துப் பின் பொடித்தால் கார்ப்பு உருவாவதேயில்லை. ஈர விதையை நசுக்கிச் சற்று நேரம் வைத்துப் பின் வறுத்தால், கார்ப்பு உருவாகி ஆவியாகப் போய்விடும். நிழலில் உலர்த்திய விதையில் சேர்மமும் நொதியும் பெரும்பாலும் தங்கியிருக்கும். நீர் இல்லாமையால் வினை நிகழ்வதில்லை. அதனைப் பொடித்து உணவின்மேல் தூவும்போது, உணவின் ஈரமும் உமிழ்நீரும் வினையை மீண்டும் தொடங்கி வைக்கின்றன.

## கடுகுடன் உள்ள உறவு

கருங்கடுகு, பழுப்புக் கடுகு ஆகியவற்றில் இருப்பது சினிகிரின் என்னும் குளுக்கோசினோலேட்டு. அதிலிருந்து அல்லைல் ஐசோதயோசயனேட்டு பிறக்கிறது. வெண்கடுகில் இருப்பது சினால்பின். அதிலிருந்து பிறப்பது ஐதராக்சிபென்சைல் ஐசோதயோசயனேட்டு. பப்பாளி விதையின் கார்ப்புப் பொருள் அமைப்பில் வெண்கடுகினுடையதற்கு மிக நெருங்கியது, ஓர் ஆக்சிசன் அணு மட்டுமே குறைவு. சுவையிலோ இது இரண்டிற்கும் இடைப்பட்டது. அல்லைல் வகை எளிதில் ஆவியாவதால் உடனே மூக்கில் ஏறுகிறது. வெண்கடுகின் பொருள் அநேகமாக ஆவியாவதில்லை, எனவே நாக்கை மட்டுமே சுடுகிறது. பப்பாளியின் பொருள் மெதுவாக ஆவியாவது. அதனால்தான் கார்ப்பு முதலில் நாக்கிலும் பிறகு மூக்கிலும் தெரிகிறது.

இச்சேர்மங்கள் வாயிலும் மூக்கிலும் உள்ள நரம்பு முனைகளில் TRPA1 என்னும் அயனி வாயிலைத் திறக்கின்றன. கடுகெண்ணெய்ச் சேர்மங்கள் இவ்வாயில் வழியே செயற்படுவது 2004 இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பிப்பெரினும் முதன்மையாக TRPV1 என்னும் வேறொரு வாயிலைத் திறப்பவை. பப்பாளி விதை மிளகுபோல் தோன்றினாலும் உணர்வில் கடுகைப் போன்றிருப்பது இதனால்தான்.

கடுகும் பப்பாளியும் உருவில் சற்றும் ஒத்தவை அல்ல. முற்காலத் தாவரவியலாளர் பலர் பூவின் அமைப்பைக் கொண்டு பப்பாளிக் குடும்பத்தைக் கொடித்தோடை முதலியவற்றின் அருகில் வைத்தனர். கிரான்குவிசுட்டின் புகழ்பெற்ற வகைப்பாடும் அவ்வாறே செய்தது. இதற்கு மாறாக, டென்மார்க்கில் பணியாற்றிய ரோல்ஃப் தால்கிரன் 1975 இல், கடுகெண்ணெய்ச் சேர்மம் உள்ள குடும்பங்களை எல்லாம் ஒரே வரிசையில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தார். உருவ ஒற்றுமையற்ற செடிகளைச் சுவையை நம்பி ஒன்றுசேர்ப்பதா என்று பலரும் அதனை ஏற்கவில்லை. 1990களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது தால்கிரனின் கருத்து பெரும்பாலும் சரியென்று தெரிந்தது. இன்று கடுகு, பப்பாளி, முருங்கை மூன்றும் பிராசிகேல்சு என்னும் ஒரே வரிசையில் உள்ளன. இவற்றுள் பப்பாளிக் குடும்பத்திற்கு மிக நெருங்கிய உறவு முருங்கைக் குடும்பமே. முருங்கை வேரை நசுக்கினால் முள்ளங்கி வகை நெடி வருவதும் இதே பொறியினால்தான்.

## செடிக்கு இதன் பயன்

காட்டுப் பப்பாளி நடு அமெரிக்காவுக்கு உரியது. பழத்தை உண்ணும் பறவையும் வௌவாலும் விதையை உடைக்காமல் விழுங்கி வேறிடத்தில் எச்சமாக இட்டால் செடிக்கு நன்மை. விதையைக் கடித்து நொறுக்கும் பூச்சியாலும் கொறிவிலங்காலும் இழப்பு. விழுங்குவோரை விட்டுவிட்டு மெல்பவரை மட்டும் தண்டிக்கும் இந்த ஏற்பாடு இரண்டையும் நிறைவேற்றுகிறது.

காயிலும் இதே சேர்மம் பாலில் உள்ளது. பழுக்கும்போது பால் வற்றுவதோடு சதையிலுள்ள சேர்மமும் பெரிதும் குறைகிறது, விதையிலோ நீடிக்கிறது. எனவேதான் இனிக்கும் சதையின் நடுவில் கார்க்கும் விதை. கூழ்ப்பைக்கு வேறொரு பணியும் உண்டு. அது முளைப்பதைத் தடுக்கும் பொருட்களைக் கொண்டது. நாற்றங்காலில் இடுமுன் விதையைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கூழ்ப்பையை நீக்கி நிழலில் உலர்த்துவது இதற்காகவே.

## உண்ணலாமா?

நலமுள்ள பெரியவர் ஒருவர் சில விதைகளை மென்று உண்பதாலோ, உலர்த்திப் பொடித்த விதையை உணவின்மேல் ஒரு சிட்டிகை தூவிக்கொள்வதாலோ தீங்கு நேர்வதில்லை. ஹவாயில் பப்பாளி விதையை எண்ணெய், காடி, சர்க்கரை, வெங்காயம் முதலியவற்றுடன் அரைத்துப் பச்சைக் காய்க்கலவையின்மேல் ஊற்றும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. உலர்ந்த விதையை மிளகுக்கு மாற்றாகப் பயன்படுத்துவோரும் உள்ளனர். இவை எல்லாம் நறுமணப் பொருளின் அளவுகள். கைப்பிடியளவு பச்சை விதையை உண்பது வேறு. அவ்வளவு கடுகெண்ணெய்ச் சேர்மம் வாயையும் இரைப்பையையும் எரியச் செய்யும்.

பப்பாளி விதை குடற்புழுவை நீக்கும் என்னும் நாட்டு மருத்துவக் கருத்து பல நாடுகளில் உண்டு. இதில் உண்மை இருப்பதற்குச் சான்றுகள் உள்ளன. நைசீரியாவில் 60 குழந்தைகளிடம் நடத்தி 2007 இல் வெளியிடப்பட்ட சிறிய ஆய்வொன்றில், காற்றில் உலர்த்திய பப்பாளி விதையும் தேனும் கலந்த 20 மில்லிலிட்டர் மருந்து ஒரு பாதியினருக்கும், வெறும் தேன் மறு பாதியினருக்கும் கொடுக்கப்பட்டது. ஏழு நாட்களுக்குப் பின் மலத்தைச் சோதித்தபோது, விதை உண்ட 30 பேரில் 23 பேரிடமும், தேன் மட்டும் உண்ட 30 பேரில் 5 பேரிடமும் ஒட்டுண்ணிகள் நீங்கியிருந்தன. இதற்கு முன்பே, 2001 இல் கனடாவில் உருளைப்புழுக்களைக் கொண்டு செய்த ஆய்வு, விதைச் சாற்றில் புழுவைக் கொல்வது பெரும்பாலும் பென்சைல் ஐசோதயோசயனேட்டே என்று காட்டியிருந்தது.

புழுவைக் கொல்வதும் நாக்கில் கார்ப்பதும் ஒரே பொருளே. நைசீரிய ஆய்வில் விதை காற்றில் உலர்த்தப்பட்டது, வேகவைக்கப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது. வறுத்துப் பொடித்துப் புழுநீக்கி என்று விற்கப்படும் பப்பாளி விதைப்பொடி நாக்கில் கார்க்கவில்லையெனில், அதில் வேலை செய்ய வேண்டிய பொருளும் இல்லை என்றே கொள்ளவேண்டும். (குடலிலுள்ள நுண்ணுயிரிகளும் குளுக்கோசினோலேட்டை ஓரளவு உடைக்கவல்லவை. ஆனால் அது நொதியின் வேலைக்கு ஈடாகாது.) ஒரு சிறிய ஆய்வை வைத்துக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே அளவு வகுப்பதும் முறையன்று. அல்பென்டசோல் போன்ற மருந்துகளுக்கு அளவும் பாதுகாப்பும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன, பப்பாளி விதைக்கு அவ்வாறு இல்லை.

புழுவின் உயிரணுவைத் தாக்கும் பொருள் நம் உயிரணுவை மட்டும் முற்றிலும் விட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அளவே வேறுபாடு. சிங்கப்பூரில் எலியின் கருப்பைத் தசையைத் தனியே எடுத்து ஆய்ந்தபோது, மிகு செறிவுள்ள விதைச்சாறு தசையின் சுருங்கும் திறனை மீளாவண்ணம் கெடுத்தது. அதே பொறுப்பை ஆய்வாளர்கள் பென்சைல் ஐசோதயோசயனேட்டின்மேல் சுமத்தினர். உடலுக்கு வெளியே, மிகு செறிவில் நடந்த ஆய்வு இது என்பதை மறக்கலாகாது. எனினும் கருவுற்ற பெண்கள் விதையைத் தவிர்ப்பதே தக்கது. பப்பாளி பற்றி நம் வீடுகளில் கூறப்படும் எச்சரிக்கையில் காயின் பாலும் விதையும் ஒருபுறம், நன்கு கனிந்த சதை மறுபுறம் எனப் பிரித்துப் பார்ப்பது இல்லை. மேற்கண்ட வேதியியலின்படி அவை ஒன்றல்ல.

ஆண்களின் விந்தணு பற்றிய செய்தியும் பரவலாக உள்ளது. செய்ப்பூரில் உள்ள இராசத்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று ஆண் கருத்தடை மருந்து தேடும் நோக்குடன் எலிகளிலும் முயல்களிலும் இவ்விதையை ஆராய்ந்தது. 2002 இல் வெளியான அவர்களின் கட்டுரையில், ஆண் மந்திக் குரங்குகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் கொடுத்தபோது விந்தணுக்கள் இல்லாமற்போயின. நிறுத்தியபின் சில மாதங்களில் அவை மீண்டன. கொடுக்கப்பட்டது விதை அன்று. விதையைக் குளோரோபாரமில் சாறெடுத்து, அச்சாற்றையும் மேலும் பிரித்துப் பெற்ற ஒரு பகுதியாகும். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அதே வீதத்தைக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 3 கிராம் பிரித்தெடுத்த சாறு வரும். அதற்கு வேண்டிய விதையின் எடை இதைவிடப் பன்மடங்கு இருக்கும். அப்படியொரு அளவை யாரும் தூவி உண்பதில்லை. ஆகவே சிட்டிகைப் பொடியால் மலட்டுத்தன்மை வரும் என்பதும், விதையை உண்டு கருத்தடை செய்துகொள்ளலாம் என்பதும் ஒருங்கே தவறு. குழந்தைப்பேற்றுக்கு முயல்வோர் விதையை நாள்தோறும் மருந்துபோல் உண்ணாமல் இருப்பது மட்டும் பொருத்தமான முன்னெச்சரிக்கை.

இரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாளியும் ஒவ்வாமல் போகக்கூடும். அவர்கள் விதையையும் தவிர்க்க வேண்டும்.

## மிளகில் கலப்படம்

உலர்ந்த பப்பாளி விதை கருமிளகின் நிறத்தையும் சுருக்கத்தையும் ஒத்திருப்பதால் இந்தியச் சந்தையில் மிளகுடன் கலக்கப்படுவதுண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் இதற்கு எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறது. ஒரு குவளை நீரில் மிளகைப் போட்டால் மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் உள்ளீடற்ற சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பவற்றை எடுத்துப் பார்க்கவேண்டும். மிளகு உருண்டையானது. பப்பாளி விதை ஒருபுறம் நீண்ட முட்டை வடிவினது, கருமையில் சற்றுப் பசுமையோ பழுப்போ கலந்திருக்கும். குறுக்கே வெட்டினால் மிளகில் மாப்பொருள் நிறைந்த வெளிறிய உள்ளீடு காணப்படும். பப்பாளியில் மெல்லிய தோலுக்குள் எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு இருக்கும். ஐயம் தீராவிடில் ஒன்றை மென்று பார்க்கலாம். மிளகின் கார்ப்பு உடனே தோன்றித் தொண்டையில் தங்கும். பப்பாளி விதையினது சற்றுத் தாமதித்துத் தோன்றி மூக்கில் ஏறும். பழைய விதையாயின் வெறும் கசப்பே மிஞ்சும்.